எலைசா தட்டில் மஞ்சள் தெரிந்தால் ரியாக்டிவ்தானா?

எலைசா என்பது மாதிரியில் தேடும் பொருள் இருக்கிறதா என்பதைக் குழிகளில் வரும் நிறத்தை வைத்துக் கண்டறியும் ஆய்வகச் சோதனை; இருப்பதாகக் காட்டினால் ரியாக்டிவ். அப்படியொரு தட்டின் புகைப்படத்தைப் போட்டு ஒருவர் எழுதியிருந்தார்: “படத்தில் அடர் மஞ்சளாக இருக்கும் 3 குழிகள்தான் ரியாக்டிவ். வெளிறியவை எல்லாம் நெகட்டிவ். இதற்கு ரீடர் எதற்கு?”

ரீடர் என்பது குழியின் நிற அடர்த்தியை எண்ணாக அளக்கும் கருவி. அடர் மஞ்சள் குழிகளைப் பற்றி அவர் சொன்னது அநேகமாகச் சரி. பிழை வெளிறிய குழிகளில்தான் இருக்கிறது. முதலில், விடை முன்பே தெரிந்த கண்ட்ரோல் குழிகளைப் பாருங்கள். பாசிட்டிவ் கண்ட்ரோலில் நிறம் ஏறாவிட்டால் அந்தத் தட்டையே படிக்கக் கூடாது.

ஓர் உதாரணம்: 450 நானோமீட்டரில் 3 நெகட்டிவ் கண்ட்ரோல்களுக்கு ரீடர் காட்டும் அளவுகள் 0.06, 0.07, 0.08, சராசரி 0.07. அதனுடன் 0.15 கூட்டச் சொல்லும் கிட் என்றால், ரியாக்டிவா இல்லையா என்று பிரிக்கும் எல்லையான கட்-ஆஃப் 0.22. (கூட்டும் எண் கிட்டுக்குக் கிட்டு மாறும்.) 0.31 காட்டும் குழி கண்ணுக்கு வெளிர் மஞ்சள்தான், ஆனால் ரியாக்டிவ். 0.19 காட்டும் பக்கத்துக் குழி அப்படியன்று. இந்த இரண்டையும் புகைப்படத்தில் பிரித்துக் காட்ட என்னால் முடியாது. உங்களாலும் முடியாது என்றே நினைக்கிறேன். விளக்கொளியும் கேமராவின் நிறச் சரிசெய்தலும் போதும், வெளிறியதை வெள்ளையாக்கிவிட.

நிறமே வராத குழி பாசிட்டிவ் என்று வந்ததாக இன்னொருவர் எழுதியதைக் கேலி செய்ய வேண்டாம். போட்டிமுறை எலைசாவில் நிறம் குறைவதே ரியாக்டிவ்.

மூலையில் உள்ள அடர்ந்த குழியைப் பற்றி மட்டும் படத்தை வைத்து எதுவும் சொல்ல மாட்டேன். சரியாகக் கழுவாவிட்டாலும் அப்படி நிறம் ஏறும். அதே மாதிரியை இரண்டு குழிகளில் மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.