எல்லா மாங்காய்க்கும் மூக்கைத் தேடாதீங்கய்யா

மூணு நாளா மனசு ஆறல, எழுதிடறேன். தர்மபுரி பக்கம் ஒரு பாலிடெக்னிக்ல மெட்டீரியல் டெஸ்டிங் லேப் பார்த்துக்கறேன். பிராக்டிகல் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், என் பசங்க அலுமினியக் கம்பியை அறுந்து போற வரைக்கும் மெஷின்ல இழுத்து எடுத்த கிராஃபைப் பார்த்துட்டு, "அப்பர் யீல்டு பாயிண்ட் எங்கே? லோயர் யீல்டு பாயிண்ட் எங்கே?"ன்னு சிவப்பு மையில சுழிச்சு மார்க்கைக் குறைச்சுட்டுப் போயிட்டார். இல்லாததை எங்கிருந்து சார் குறிக்கறது?

தப்பு அவர் மேல மட்டும் இல்ல. எல்லாரும் ஒரே ஸ்லைடைப் பார்த்து வளர்ந்தவங்கதான். உங்களுக்கும் தெரிஞ்ச படம் அது. சாய்வா ஒரு நேர்கோடு, அதுதான் எலாஸ்டிக் பகுதி. உச்சியில ஒரு சின்னக் கூம்பு, உலோகம் நிரந்தரமா நீள ஆரம்பிக்கற அந்த இடம்தான் அப்பர் யீல்டு பாயிண்ட். அதுக்கப்புறம் கொஞ்ச தூரம் தட்டை, அது லோயர். பிறகு ஒரு பெரிய மேடு. மேடு இறங்கற இடத்துல பெருக்கல் குறி போட்டு 'ஃபிராக்சர்'. கீழே எந்த உலோகம்னு ஒரு வார்த்தை இருக்காது, அச்சுல ஒரு எண் இருக்காது.

அந்தக் கூம்பு மைல்டு ஸ்டீலோட சமாச்சாரம். அதுக்குள்ள இருக்கற துளி கார்பன், நைட்ரஜன் அணுக்கள் படிகத்துல இருக்கற பிசகுகளைப் பிடிச்சு வச்சுக்கும். லோடு ஏற ஏற ஒரு கட்டத்துல பிடி விட்டுப் போகும், லோடைப் பரப்பால வகுத்து வர்ற ஸ்ட்ரெஸ் சட்டுனு இறங்கும். அதுதான் கூம்பு. நாங்க இழுத்தது 6061-T6 ரக அலுமினியம். அதுல அந்த மாதிரி பிடியும் இல்ல, விடுறதும் இல்ல. கோடு நேரா போய், எங்க வளைய ஆரம்பிச்சதுன்னே தெரியாம வளையும். பெங்களூரா மாங்காய்க்கு மூக்கு இருக்குன்னு செந்தூராவிலயும் மூக்கைத் தேடினா கிருஷ்ணகிரி மண்டியில சிரிப்பாங்க. நம்ம கிட்ட அதுக்கு மார்க் போடறாங்க.

பசங்க செஞ்சது சரியான வேலை. 12.5 மி.மீ. விட்டம், 50 மி.மீ. கேஜ் நீளம். நீட்சியை அளக்க, பீரோவுல பூட்டிக் கிடந்த எக்ஸ்டென்சோமீட்டரை எழுதிக் கொடுத்து வாங்கி மாட்டினோம். கூம்பு இல்லாத உலோகத்துக்கு 0.2 சதவீத புரூஃப் ஸ்ட்ரெஸ்தான், அதாவது 0.2 சதவீதம் நிரந்தரமா நீண்டு போற ஸ்ட்ரெஸ்தான் எடுக்கணும். 50 மி.மீ.ல 0.2 சதவீதம்னா 0.1 மி.மீ. கிராஃபோட அடிக்கோட்டுல 0.1 மி.மீ. நீட்சியைக் குறிச்சு, ஆரம்ப நேர்கோட்டுக்கு இணையா அங்கிருந்து ஒரு கோடு இழுத்தாங்க. அது வளைவை வெட்டின இடத்துல லோடு 33.7 கிலோ நியூட்டன். குறுக்குப் பரப்பு 122.7 சதுர மி.மீ. வகுத்தா கிட்டத்தட்ட 275 மெகா பாஸ்கல். இந்த அலுமினியத்துக்கு வர வேண்டிய நம்பரே அதுதான்! இதுக்கு மேல என்ன வேணும்?

அந்த ஸ்லைடு சொல்ற இன்னொரு பொய், அளவு. படத்துல எலாஸ்டிக் பகுதி மூணுல ஒரு பங்கு இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். மைல்டு ஸ்டீல் 250 மெகா பாஸ்கல்ல யீல்டு ஆகுதுன்னு வைங்க. எலாஸ்டிக் மாடுலஸ், அதாவது அந்த நேர்கோட்டோட சாய்வு, 2,00,000 மெகா பாஸ்கல். வகுத்தா ஸ்ட்ரெய்ன், அதாவது நீளத்துல எத்தனை பங்கு நீண்டதுங்கறது, 0.125 சதவீதம். அறுந்து போறது 25 சதவீதம் கிட்ட. 200 மடங்கு! திரை 2 மீட்டர் அகலம்னா, அந்த நேர்கோடு இடது ஓரத்துல ஒரு செ.மீ.க்குள்ள அடங்கணும். அதனாலதான் மெஷின்ல முழு கிராஃப் வந்ததும் பசங்க பதறிப் போய், "சார், எலாஸ்டிக் பகுதியே வரல, நேரா செங்குத்தா ஏறுது"ன்னு ஓடி வர்றாங்க. வந்திருக்குடா, ஒட்டி நிக்குது. ஓரத்தைப் பெரிசு பண்ணிப் பாருன்னு வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி என் தொண்டை போச்சு.

ஃபிராக்சர் கதை இன்னும் மோசம். மேட்டுக்குக் கீழே குறி இருக்கறதால, "கடைசியில ஸ்ட்ரெஸ் குறையுது, அதனால அறுந்துடுது"ன்னு எழுதறாங்க. குறையறது லோடு. கம்பி நடுவுல கழுத்து மாதிரி ஒடுங்கிட்ட பிறகும் நாம பழைய பரப்பாலயே வகுத்துக்கிட்டு இருக்கோம். ஒரு தடவை மைல்டு ஸ்டீல் கம்பி 40 கிலோ நியூட்டன்ல அறுந்தது. பழைய பரப்பால வகுத்தா 326. கழுத்துல வெர்னியர் வச்சேன், 7.5 மி.மீ. அந்தப் பரப்பால வகுத்தா 900ஐத் தாண்டுது. அறுந்த துண்டு இன்னும் என் மேஜை டிராயர்லதான் இருக்கு. அதைக் கையில கொடுத்த பிறகுதான் பசங்க நம்பறாங்க.

மார்க் பத்தி மேல இருக்கறவங்க கிட்ட கேட்டேன். "ஸ்லைடுல இருக்கற மாதிரியே வரைஞ்சிருக்கலாமே சார்"ன்னாங்க. அதாவது, மெஷின் கொடுத்த கிராஃபை மடிச்சு வச்சுட்டு அலுமினியத்துக்குக் கையால கூம்பு வரையணும். திங்கட்கிழமை அடுத்த பேட்ச். அதே அலுமினியக் கம்பிதான் மாட்டப் போறேன்.