பத்தாவது துண்டின் விலை

முடித்த துண்டுக்கு இவ்வளவு என்று கூலி தரும் பீஸ் ரேட்டில் "டார்கெட் தாண்டினா கூடுதல் ரேட்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: டார்கெட்டுக்கு ஒன்று குறைந்தால் கைக்கு எவ்வளவு வரும்? பெரும்பாலும் அங்கேதான் கதை இருக்கிறது.

இந்த முறையை எழுதி வைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர். 1895இல் வாசித்த கட்டுரையில், பிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் 1884இல் நடந்ததை அவரே கணக்கோடு சொல்கிறார். லேத்தில் கடைய வேண்டிய ஓர் எஃகுத் துண்டு. துண்டுக்கு 50 சென்ட் கூலி, ஒரு நாளைக்கு நாலைந்து துண்டு. ஐந்து முடித்தவருக்கு 2.50 டாலர் கிடைத்தது. டெய்லர் வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் குறைந்தபட்ச நேரத்தைக் கூட்டிப் பார்த்து, பத்து துண்டு முடியும் என்று முடிவு செய்தார். புது ரேட் இப்படி: பத்து முடித்தால் துண்டுக்கு 35 சென்ட், பத்துக்குக் குறைந்தால் 25 சென்ட்.

பத்து முடித்தால் 3.50 டாலர். பழைய கூலியைவிட ஒரு டாலர் அதிகம், சரிதான். ஆனால் ஒன்பது முடித்தவருக்கு 2.25. நேற்று ஐந்து துண்டுக்கு 2.50 வாங்கிய அதே ஆளுக்கு, இன்று ஒன்பது செய்தும் கால் டாலர் குறைகிறது! பழையபடி ஐந்தே செய்தால் 1.25, அதாவது பாதி. "உயர்ந்த ரேட்" என்ற அந்த 35 சென்ட்டே பழைய 50 சென்ட்டைவிடக் குறைவு என்பதை மறந்துவிடக் கூடாது. அது 25உடன் ஒப்பிட்டால்தான் உயர்வு.

முதலாளிக்கு என்ன லாபம்? இயந்திரத்துக்கு ஒரு நாள் செலவு 3.37 டாலர். முன்பு கூலியோடு சேர்த்து 5.87, அதை ஐந்து துண்டுக்குப் பிரித்தால் துண்டுக்கு 1.17 டாலர். புது முறையில் மொத்தம் 6.87, பத்து துண்டுக்குப் பிரித்தால் 69 சென்ட். ஆளுக்கு ஒரு டாலர் கூட்டிக் கொடுத்தும் அடக்கவிலை இவ்வளவு இறங்குகிறது. பத்து துண்டு வேண்டுமென்றால் காலை முதல் மாலை வரை முழு வேகத்தில் உழைக்க வேண்டியிருந்தது என்பதையும் டெய்லரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

எனக்கு உறுத்துவது அந்தப் பத்தாவது துண்டுதான். ஒன்பதுக்கு 2.25, பத்துக்கு 3.50. அப்படியென்றால் அந்த ஒரு துண்டு மட்டும் 1.25 டாலர் பெறும். 25 சென்ட் ரேட்டில் ஐந்து துண்டுகளின் மொத்தக் கூலி அது. கருவி மழுங்கியது, பெல்ட் நழுவியது, இரும்பு வரத் தாமதமானது, எதுவானாலும் அரைமணி நேரம் போனால் அந்த 1.25 போயிற்று. துண்டில் பழுது இருந்தாலும் குறைந்த ரேட்தான்.

ஆள் சும்மா இருப்பாரா? நான் சில காலம் ஒரு பட்டறையில் கூலிப் பதிவேடு எழுதினேன். அங்கேயும் இதே மாதிரி இரண்டு ரேட், டார்கெட்டும் பத்துதான். ஒருவருடைய பக்கத்தில் 8, 10, 8, 10 என்றே போகும், ஒன்பதே வராது. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பார்த்தேன், முடித்த துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி மேசைக்கு அடியில் தள்ளினார். "என்னண்ணே இது?" என்றேன். "நாளைக்கு இருக்கட்டும் தம்பி" என்றார்.

மிட்வேல் ரேட்டில் போட்டுப் பாருங்கள். இரண்டு நாளும் ஒன்பது ஒன்பதாகக் கணக்கில் காட்டினால் 4.50. ஒன்றை ஒளித்து, எட்டு பத்து என்று காட்டினால் 2.00, 3.50, மொத்தம் 5.50. அதே பதினெட்டு துண்டு, அதே உழைப்பு, ஒரு டாலர் கூட. இதை நான் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். ரேட் அட்டையை ஒழுங்காகப் படித்த மனிதர் அவர். பதிவேட்டில் டார்கெட்டுக்கு ஒன்று குறைவான எண்ணே இல்லையென்றால், ஆட்களைத் திட்டுவதற்கு முன் ரேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தைச் சரிவாக மாற்றத்தான் பிறகு மெரிக் என்ற பொறியாளர் மூன்று படி வைத்தார். டார்கெட்டில் 83 சதவீதம் வரை சாதாரண ரேட், அதற்கு மேல் 10 சதவீதம் கூட, டார்கெட்டை எட்டினால் 20 சதவீதம் கூட. 25 சென்ட்டையே சாதாரண ரேட்டாக வைத்தால், எட்டுக்கு 2.00, ஒன்பதுக்குத் துண்டுக்கு 27.5 சென்ட் வீதம் 2.475, பத்துக்கு 3.00. உச்சம் அரை டாலர் இறங்கிவிட்டது, வேகமான ஆளுக்கு அது நஷ்டம்தான். ஆனால் ஒன்பது ஒன்பதுக்கு 4.95, எட்டு பத்துக்கு 5.00. ஐந்து சென்ட்டுக்காக யாரும் துணியைத் தேடமாட்டார்கள்.