என்கல்ஃபிங் கேண்டிலை எதனோடு ஒப்பிடுவது?

"புல்லிஷ் என்கல்ஃபிங் வந்தால் 60 சதவீதம் ஜெயிக்கும்" என்று சார்ட்டோடு பதிவு போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த கேண்டில் வராத நாட்களில் வாங்கியிருந்தால் எத்தனை சதவீதம்? பெரும்பாலும் பதில் வராது. ஆண்டுக்கு 12 சதவீதம் ஏறுகிற சந்தையில் ஏதோ ஒரு நாள் வாங்கி 5 வர்த்தக நாள் வைத்திருந்தாலே சராசரியாகக் கால் சதவீதம் கிடைக்கும். அதைக் கழிக்காமல் கேண்டிலுக்கு மாலை போட முடியாது.

முதலில் விதியை எழுதிவிடுவோம்: நேற்று இறங்கி முடிந்த கேண்டிலின் உடலை இன்று ஏறி முடிந்த கேண்டில் முழுதாக விழுங்கினால் அது புல்லிஷ் என்கல்ஃபிங்; கீழே O தொடக்க விலை, C முடிவு விலை. கண்ணால் பார்த்துப் பொறுக்கினால், பின்னால் ஏறியவை மட்டும்தான் கண்ணில் படும்.

```
red    = C.shift(1) < O.shift(1)
engulf = red & (O <= C.shift(1)) & (C > O.shift(1))
entry  = O.shift(-1)
exit   = C.shift(-5)
```

மூன்றாவது வரிதான் பலர் கோட்டைவிடும் இடம். சந்தை முடிந்த பிறகே கேண்டில் உறுதியாகிறது. ஆகவே மறுநாள் தொடக்க விலையில்தான் வாங்க முடியும். இன்னொன்று, TA-Lib என்கிற நிரல் நூலகத்தில் உள்ள `CDLENGULFING` அதற்கு முன் விலை இறங்கி வந்ததா என்று பார்ப்பதில்லை. அந்த நிபந்தனையை நாமேதான் சேர்க்க வேண்டும்.

அப்படிச் சேர்த்ததும் புதுச் சிக்கல் வருகிறது. பத்து நாள் இறங்கிய பங்கு கொஞ்சம் எழும்புவது கேண்டில் இல்லாமலும் நடக்கும். எனவே எல்லா நாட்களின் சராசரியோடு ஒப்பிட்டால் போதாது. அதே அளவு இறங்கி, முந்தைய நாள் சிவப்பாக முடிந்து, இன்று அதே அளவு ஏறிய, ஆனால் என்கல்ஃபிங் ஆகாத நாட்களோடு ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒரு ஜோடி நாள் எப்படி இருக்கும்? நேற்று 102-இல் தொடங்கி 100-இல் முடிந்த ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். இன்று 99-இல் தொடங்கி 103-இல் முடிந்தால் அது என்கல்ஃபிங். 101-இல் தொடங்கி அதே 103-இல் முடிந்தால் இல்லை. இரண்டிலும் நேற்றைய முடிவிலிருந்து ஏற்றம் 3 சதவீதம்தான். வித்தியாசம் காலையில் எங்கே தொடங்கியது என்பதில் மட்டும். ஆக, "வாங்குபவர்கள் விற்பவர்களை விழுங்கிவிட்டார்கள்" என்கிற கதையைச் சோதிக்கக்கூடிய கேள்வியாக மாற்றினால் மிஞ்சுவது இவ்வளவுதான்: கேப்-அப்பில் வந்த ஏற்றத்தைவிட, பகலில் வர்த்தகம் நடந்து வந்த ஏற்றம் அடுத்த ஐந்து நாளுக்கு நல்லதா? உண்மையில் இது நல்ல கேள்விதான். ஆனால் இதை யாரும் கேட்பதில்லை.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. என்கல்ஃபிங்குக்குப் பின் சராசரி 0.60 சதவீதம், எல்லா நாட்களுக்கும் 0.25, இறங்கிய பின் வரும் நாட்களுக்கு 0.50, மேலே சொன்ன ஜோடி நாட்களுக்கு 0.55. அப்படியானால் கேண்டிலின் சொந்தப் பங்கு 0.05. டெலிவரியில் வாங்க 0.1, விற்க 0.1 என்று பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி மட்டுமே 0.2 சதவீதம் போய்விடும். அதோடு, ஒரு பங்கின் ஐந்து நாள் ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 4 சதவீதம் என்றால், 400 சிக்னலின் சராசரியிலேயே 0.2 சதவீதம் தடுமாற்றம் இருக்கும். அதற்குள் 0.05-ஐக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்த 400-உம் உண்மையில் 400 இல்லை. 2020 மார்ச் 25 அன்று நிஃப்டி 6 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதுபோன்ற நாளில் பல பங்குகள் சேர்ந்தாற்போல் சிக்னல் காட்டும்; காரணம் மொத்தச் சந்தை, கேண்டில் அல்ல. நான் ஒவ்வொரு தேதியையும் ஒரே ஒரு சாட்சியாகத்தான் எண்ணுவேன். அந்தத் தேதியில் சிக்னல் காட்டிய பங்குகளின் சராசரியிலிருந்து, அதே தேதியில் சிக்னல் காட்டாத பங்குகளின் சராசரியைக் கழித்துக்கொள்வேன். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துக்கொண்டு 2005-இலிருந்து சோதிப்பதும் கூடாது. இறங்கியபோது வாங்கி, அப்புறம் எழும்பவே இல்லாத பங்குகள் அந்தப் பட்டியலில் இருக்காதே!

ஆய்வுகளிலும் சண்டை உண்டு. 1998-இல் காகினால்ப், லாரன்ட் இருவரும் அமெரிக்காவின் எஸ்&பி 500 பங்குகளில் மூன்று நாள் கேண்டில் பேட்டர்ன்களுக்குப் பலன் உண்டு என்றார்கள். 2006-இல் மார்ஷல், யங், ரோஸ் மூவரும் 1992 முதல் 2002 வரையிலான டவ் ஜோன்ஸ் பங்குகளை எடுத்து, கணினியில் உருவாக்கிய போலி விலைத் தொடர்களோடு ஒப்பிட்டார்கள். பலன் இல்லை என்பது அவர்கள் முடிவு. போலித் தொடரிலும் கேண்டில்கள் விழும், அவற்றிலும் சில ஜெயிக்கும் என்பதைக் கணக்கில் எடுத்ததால் எனக்கு இரண்டாவதுதான் நம்பகமாகப் படுகிறது.

கிரிப்டோவில் இதே சோதனையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. 24 மணி நேரச் சந்தையில் இன்றைய தொடக்கம் அநேகமாக நேற்றைய முடிவேதான். 101-இல் தொடங்கும் அந்த ஜோடி நாள் அங்கே கிடைக்காது. என்கல்ஃபிங் என்பது "நேற்று இறங்கி, இன்று அதைவிட அதிகமாக ஏறியது" என்று சுருங்கிவிடும். அங்கே வேறு ஒப்பீடு செய்யலாம்: இந்திய நேரம் காலை 5.30-க்கு முடியும் நாள் கேண்டிலை 11.30-க்கு முடியும்படி மாற்றி வரைந்து, அதே விதியை மறுபடி ஓட்டுங்கள். பழைய சிக்னல்களில் பல காணாமல் போய், வேறு இடங்களில் புதிதாக முளைக்கும். லாபமும் அப்படியே இடம் மாறினால், அதை எந்த கேண்டிலின் கணக்கில் எழுதுவீர்கள்?