ரோஸ்டரில் தொடங்கி பேஷண்டின் முதுகில் முடிகிறது

எங்கள் ஐசியூவில் பொங்கலன்று யாருக்கு டியூட்டி, யாருக்கு லீவு என்று போட்ட ரோஸ்டரைப் பற்றி நேற்று நான் எழுதிய பதிவைப் பார்த்துவிட்டு "ஒரு லீவுக்கா இவ்வளவு ஆத்திரம்?" என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். பிரச்சினை லீவு இல்லை. எட்டு நர்ஸ்களில் மூன்றாவது பொங்கலாக அதே ஆளுக்கு ஆஃப். ஏன் என்று கேட்டதற்கு இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அவ என் பொண்ணு மாதிரி. அவளுக்கு நான் பார்த்துதான் போடுவேன்." அப்போது மற்ற ஏழு பேரும் யார் வீட்டுப் பெண்கள்?

ஐசியூவில் இன்சார்ஜ் கையில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று மாத ரோஸ்டர். இன்னொன்று, ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாருக்கு எந்த பேஷண்ட் என்பது. இது வெளியே யாருக்கும் தெரியாது. வென்டிலேட்டர் பேஷண்ட் என்றால் மணிக்கு மணி சார்ட் எழுத வேண்டும், சக்ஷன் போட வேண்டும், மருந்து பம்புகளிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. தேறி வார்டுக்குப் போகக் காத்திருக்கும் பேஷண்ட் என்றால் மதியத்துக்குள் பெட் காலியாகிவிடும். அந்த பெட் யாருக்கு என்று எங்களுக்கு முந்தின நாளே தெரியும்.

டைரியில் எண்ணி வைத்திருக்கிறேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை எங்களுக்கு ஆளுக்கு 24-லிருந்து 27 நைட். அவளுக்கு 9. வென்டிலேட்டர் பேஷண்ட் பார்த்த ஷிஃப்டுகள் எனக்கு 41, அவளுக்கு 6. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

"அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கே" என்கிறீர்கள். என் பையனுக்கு மூன்று வயது. இன்னொருத்திக்கு எட்டு மாதக் குழந்தை. நைட்டில் பால் கட்டிக்கொண்டு, பாத்ரூமில் பீய்ச்சிவிட்டு வந்து மறுபடி சார்ட் எழுதுகிறாள். "அவ திறமைசாலியா இருக்கலாம்" என்கிறீர்கள். திறமைசாலிக்குத்தானே கஷ்டமான பேஷண்டைக் கொடுக்க வேண்டும்? "மேலே சொல்லலாமே" என்றால், சொன்னேன். நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்குக் கொடுத்த கடிதம் மறுநாளே இன்சார்ஜ் மேசையில் இருந்தது. அடுத்த மாதம் எனக்கு 11 நைட்.

ஆனால் நான் சொல்ல வந்தது நவம்பரில் ஒரு ராத்திரி நடந்தது. 4-ஆம் பெட்டில் ஒரு பாட்டி, கனத்த உடம்பு, வென்டிலேட்டரில். இப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒருவர் தலையையும் ட்யூபையும் பிடிக்க, இன்னொருவர் உடம்பைத் திருப்பணும். குறைந்தது இரண்டு பேர். தனியாளாக விரிப்போடு சேர்த்து இழுத்தால் தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபட்டு உள்ளேயே சதை நசுங்கும்.

முன்பெல்லாம் "சிஸ்டர், ஒரு கை வாங்க" என்றால் போதும், ஓடி வருவார்கள். அன்று என்னோடு டியூட்டியில் இருந்தவள் எனக்கு உயிர்த்தோழி. அந்தச் செல்லப்பிள்ளைக்காக ரோஸ்டரை மாற்றியதில் இவள் தலையில் கூடுதலாக நான்கு நைட் விழுந்தது. அதை நான்தான் தள்ளிவிட்டேன் என்று யாரோ சொல்ல, பத்து நாளாகப் பேச்சு இல்லை. இன்சார்ஜ் மேல் காட்ட முடியாத கோபத்தை நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் காட்டிக்கொண்டிருந்தோம். இரண்டு மணிக்கு அட்டெண்டர் அக்கா உதவினார். நான்கு மணிக்கு அவர் சாம்பிளோடு லேபுக்குப் போயிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை. தனியாக இழுத்தேன்.

காலையில் உடம்பு துடைக்கும்போது வால் எலும்பு மேல் கையை வைத்தேன். மாநிறத்தில் சிவப்பு லேசில் தெரியாது, தொட்டால்தான் தெரியும். சூடாக, கெட்டியாக இருந்தது. படுக்கைப்புண்ணின் ஆரம்பம். மூன்றாம் நாள் தோல் உரிந்தது.

இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் என் பெயர். காரணம்: "கவனக்குறைவு". அது உண்மைதான், நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் கூப்பிட முடியாத நிலைக்கு ஒரு வார்டு எப்படி வந்தது என்று எழுத அதில் கட்டம் இல்லை. எட்டுப் பேரில் ஒருத்தியைத் தூக்கி வைத்தால் மற்ற ஏழு பேர் ஒன்று சேர மாட்டார்கள், ஏழாகப் பிரிவார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

மேலே, அந்தப் பெண் மேல் கோபமில்லை என்று எழுதினேன். பொய். இருக்கிறது. மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை "இந்த நைட்டை நான் எடுத்துக்கிறேன்" என்று அவள் சொல்லியிருக்கலாம்.

பாட்டி பிழைத்து டிஸ்சார்ஜ் ஆனார். வீட்டில் புண்ணுக்கு எப்படி டிரெஸ்ஸிங் மாற்றுவது என்று மகளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லைன்னா எங்க அம்மா இல்லை சிஸ்டர்" என்று அழுதார். நான் கையிலிருந்த பஞ்சுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.