பலூன் வந்தது, ரிலீஸ் தேதி நகரவில்லை

ரிலீஸுக்கு முந்தின நாள், வேலை தலைக்கு மேல் இருந்த வியாழக்கிழமைப் பிற்பகலில், எங்கள் டீம் மொத்தத்தையும் அலுவலகக் கொண்டாட்டத்தில் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றிக் கோபமாக நான் போட்ட நாலு வரிக்கு வந்த பதில்களைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. "மூணு மணி நேரம் ஜாலியா இருக்கச் சொன்னதுக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், அதற்குத்தான். அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

நானே சொல்கிறேன். எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியாக வேண்டியது, அதாவது ரிலீஸ், வெள்ளி இரவு. புதன் மாலையோடு கோடு ஃப்ரீஸ், அதன் பிறகு புது அம்சம் எதுவும் சேராது. ஆக, ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது எதுவும் உடையவில்லையே என்று பார்க்கும் முழு ரிக்ரஷன் டெஸ்டிங்குக்கு எங்களிடம் இருந்தது வியாழன் பிற்பகல்தான். ஒரு சுற்று முடிய நாலு மணி நேரம் ஆகும். முதல் சுற்றில் ஏதாவது உடையும், உடையாத ரிலீஸை நான் பார்த்ததே இல்லை. அதைச் சரிசெய்து மறுபடி ஒரு சுற்று ஓட்ட வேண்டும். 2 மணிக்குத் தொடங்கினால் 6 மணிக்கு முதல் சுற்று முடியும், ஒரு மணி நேரத்தில் திருத்தினால் 11 மணிக்கு இரண்டாவதும் முடியும். சோர்வுதான், ஆனாலும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

2 முதல் 5 வரை "டீம் உற்சாக நேரம்" என்று காலண்டரில் போட்டார்கள். கலந்துகொள்வது அவரவர் விருப்பமாம், ஆனால் வாசலில் வருகைப் பதிவு. நாங்கள் 5 மணிக்குத் தொடங்கினோம். 9 மணிக்கு முதல் சுற்று முடிந்தது, பணம் செலுத்தும் பக்கம் உடைந்திருந்தது, திருத்த 10 ஆனது, இரண்டாவது சுற்று முடிந்தபோது அதிகாலை 2 மணி. மூன்று மணி நேரக் கொண்டாட்டம் எங்கள் தூக்கத்திலிருந்து அப்படியே மூன்று மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. ரிலீஸ் தேதி ஒரு நிமிடம்கூட நகரவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தேதியை நகர்த்தாமல் கொடுக்கும் கொண்டாட்டம் எங்கள் ராத்திரியை எடுத்து எங்களுக்கே கொடுப்பது.

"டெஸ்ட்டை ஓட விட்டுட்டு வந்து விளையாடியிருக்கலாமே" என்று ஒரு நண்பர் அறிவுரை சொல்லியிருக்கிறார். பாதிச் சோதனைகள் கையால் செய்ய வேண்டியவை. தானாக ஓடும் பாதியும் ஒரு தரவு தவறினால் நடுவில் நின்றுவிடும், யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காக ஒருவரை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்டோம். "எல்லாரும் இருந்தாத்தானே டீம்" என்று பதில் வந்தது.

இதில் வெளியே தெரியாத இன்னொரு கேடு டைம்ஷீட்டில் இருக்கிறது. உற்சாக நேரத்துக்கு டைம்ஷீட்டில் தலைப்பே கிடையாது. எட்டு மணி நேரத்தையும் ப்ராஜெக்டின் கீழ் போடச் சொன்னார்கள். இரவில் செய்த வேலையைப் போட அதில் இடமில்லை. ஆகவே ஏட்டின்படி நாங்கள் வழக்கமான நேரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டோம். அடுத்த ரிலீஸுக்கு மதிப்பீடு போடுகிறவர் இந்த ஏட்டைத்தான் பார்ப்பார். "போன தடவை இவ்வளவு நேரத்துல முடிச்சாங்களே" என்று அதே நாட்களைத் தருவார். நாங்கள் கண்விழித்தது எங்கேயும் எழுதப்படாததால் அதுவே அடுத்த தடவைக்கும் அளவுகோலாகிவிடுகிறது. உங்கள் அலுவலகத்திலும் இது நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கொண்டாட்டம் நடந்த வாரத்தின் டைம்ஷீட்டையும் அதே வாரத்தில் நள்ளிரவுக்குப் பிறகு முடித்து மூடப்பட்ட வேலை டிக்கெட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எச்.ஆர். துறையில் இருக்கும் தோழி ஒருவர், "இதெல்லாம் உங்க மன அழுத்தத்தைக் குறைக்கத்தான்" என்று எழுதியிருந்தார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார், அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேலைக்களைப்பை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லீட்டர் இருவரும் அதற்குக் காரணமாகும் ஆறு இடங்களைச் சொல்கிறார்கள். வேலைப் பளு அதில் ஒன்று. தன் வேலைமேல் தனக்கு இருக்கும் கட்டுப்பாடு இன்னொன்று. சக மனிதர்களோடான உறவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குள் உறவில் ஒரு குறையும் இல்லை. அதிகாலை 2 மணிக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அதைவிட என்ன உறவு வேண்டும்? வலிப்பது பளுவில், மருந்து போடுவது உறவில்.

சிரிப்பதும் ஒரு வேலைதான் என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள். சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-லேயே இதை எழுதிவிட்டார். உள்ளே ஒன்று இருக்க வெளியே இன்னொன்றைக் காட்டுவதற்கு உழைப்பு தேவை, அந்த உழைப்பு ஆளைத் தேய்க்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு பயணிகளிடம் சிரித்தவர்களுக்கே அந்தக் கதி. வியாழக்கிழமை நாங்கள் யாருக்காகச் சிரித்தோம்? நிறுவனத்தின் பக்கத்தில் போடப்போகும் புகைப்படத்துக்காக. "இன்னும் கொஞ்சம் சந்தோஷமா" என்று மூன்று முறை எடுத்தார்கள். பின்னால் சுவரில் புது வாசகம்: "சிரித்தபடி சாதிப்போம்". அந்தப் படத்தில் என் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் குழந்தைக்கு அன்று காய்ச்சல். 5 மணிக்குக் கிளம்ப அனுமதி கேட்டிருந்தாள். வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். வேலை இருக்கிறதாம்! 2 முதல் 5 வரை அந்த வேலை எங்கே போயிருந்தது?

"பிடிக்கலேன்னா வர முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே" என்பவர்களுக்கு. பிரான்சில் ஒருவர் அப்படிச் சொன்னார். ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர், அங்கே வலியுறுத்தப்பட்ட கேளிக்கைகளிலும் வார இறுதிக் குடிக்கூட்டங்களிலும் கலந்துகொள்ள மறுத்தார், 2015-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அப்படி மறுப்பது அவருடைய கருத்துச் சுதந்திரத்துக்கு உட்பட்டது, அதற்காக நீக்கியது செல்லாது என்று அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது தேதி 2022 நவம்பர் 9. ஏழு வருடம்! மாதக் கடைசியில் தவணை கட்ட வேண்டியவர்கள் யாரால் ஏழு வருடம் காத்திருக்க முடியும்?

எனக்கு விளையாட்டே பிடிக்காது என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். என் முதல் வேலையில் ஒரு மேனேஜர் இருந்தார். இதேபோல நெருக்கடியான ஒரு மாதம். அவர் எங்களை எந்த விளையாட்டுக்கும் அழைக்கவில்லை. திங்கட்கிழமை வந்து, அந்த வாரத்து மீட்டிங்குகளை எல்லாம் ரத்து செய்தார். வாடிக்கையாளரிடம் தானே பேசி, இரண்டு அம்சங்களை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "டெஸ்ட் கேஸ்ல பாதிய என்கிட்ட குடும்மா" என்றார். ரிலீஸ் முடிந்த அடுத்த வாரம் நாங்களாகவே எல்லாரும் சேர்ந்து வெளியே போனோம். யாரும் வருகைப் பதிவு எடுக்கவில்லை, ஒருவரும் வராமலும் இல்லை. எனக்குச் சிரிக்கத் தெரியும். யாரும் "இப்போது சிரி" என்று சொல்லாதபோது நன்றாகவே சிரிப்பேன்.

சின்ன விஷயம் என்கிறீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றேனே, அந்தப் பெண் கொண்டாட்டத்தின் நடுவில் 4 மணிக்கு எழுந்து போய்த் தன் டெஸ்ட்டைத் தொடங்கினாள். வேலை செய்யப் போனாள், வீட்டுக்குக்கூட இல்லை. நேற்று அவளுடைய வேலையைப் பற்றி அலுவலகத்திலிருந்து வந்த கருத்தில் "குழு உணர்வை மேம்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருக்கிறது. அதிகாலை 2 மணி வரை எங்களோடு உட்கார்ந்திருந்தவளுக்கு இந்த வரி. இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

அடுத்த உற்சாக நேரம் இந்த மாதக் கடைசி வியாழனுக்குப் போட்டிருக்கிறார்கள். அதுவும் ரிலீஸ் வாரம்தான். ரிலீஸ் எத்தனை நாள் தள்ளிப்போகிறது, டைம்ஷீட்டில் அந்த மூன்று மணி நேரத்தை எந்தத் தலைப்பில் போடுவது, அவளுக்கு எழுதிய வரியை எப்போது திருத்துவீர்கள் என்று கேட்டு மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் இன்று காலை மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.