அம்மாவும் ?????, அப்பாவும் ?????

இன்னொரு தடவை யாராவது என்னிடம் "பழைய டிரைவ்ல தமிழ் ஏறாதுப்பா, ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொள்" என்று சொன்னால் அந்த டிரைவையே அவர் தலையில் போட்டுவிடுவேன். ஏறும். நன்றாகவே ஏறும். தமிழ் 1991இலேயே யூனிகோடில் இருக்கிறது, நீளமான கோப்புப் பெயர்களை 16 பிட் யூனிகோடில் எழுதும் வழக்கம் விண்டோஸ் 95 காலத்திலேயே வந்துவிட்டது, FAT32 அதைத்தான் பயன்படுத்துகிறது. டிரைவ் மேல் பழி போடுவது சோம்பேறித்தனம்.

நடந்தது இதுதான். லேப்டாப்பில் இருந்த குடும்பப் படங்களைப் பழைய FAT32 ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன், பெயர்கள் ஒழுங்காக இருந்தன. அதே டிஸ்க்கை லினக்ஸ் ஓடும் என் பழைய கணினியில் செருகினால் அம்மா.jpg, அப்பா.jpg, அக்கா.jpg, தம்பி.jpg, அத்தை.jpg ஐந்துமே ?????.jpg. ஏன் சரியாக ஐந்து கேள்விக்குறி என்று எண்ணிப் பாருங்கள்: அ, ம, புள்ளி, ம, கால். யூனிகோடுக்கு அம்மா ஐந்து குறியீடு, அப்பாவும் ஐந்து, அத்தையும் ஐந்து. (தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ஆறு, அந்த மட்டில் தப்பித்தார்கள், ஆனால் அவர்கள் இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.) ஒரே பெயரில் ஐந்து கோப்பு இருந்தால் அதைக் கணினியில் இருக்கும் வேறு ஃபோல்டருக்கு நகலெடுக்கும்போது என்ன ஆகும்? "ஏற்கனவே இருக்கிறது, மேலெழுதவா?" என்று கேட்கும். நான் கடுப்பில் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தினேன். மிஞ்சியது ஒரே ஒரு படம், அதன் பெயரிலும் நிஜமான கேள்விக்குறிகள். அந்த நகலிலிருந்து பெயரை மீட்க எந்த வழியும் இல்லை. டிஸ்க்கில் இருந்த மூலத்தை அழிக்காமல் விட்டதால் பிழைத்தேன்.

குற்றவாளி யார் தெரியுமா? எந்த டிஸ்க்கை எப்படி மவுண்ட் செய்வது என்று லினக்ஸுக்குச் சொல்லும் /etc/fstab கோப்பில் பல வருடம் முன்பு நானே எழுதி வைத்த ஒரு வரி. அதில் utf8 என்ற சொல் இல்லை. அது இல்லாவிட்டால் கெர்னல் பெரும்பாலும் பெயர்களை iso8859-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்புக்கு மாற்றித்தான் காட்டும், அதில் தமிழுக்கு இடமே கிடையாது, இடமில்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு '?' போட்டுவிடும். டிஸ்க்கில் பெயர் முழுசாக இருக்கிறது, கண்ணில் மட்டும் மண்!

```
/dev/sdb1  /backup  vfat  defaults,utf8  0  0
```

இவ்வளவுதான். டிஸ்க்கைக் கழற்றி இப்படி மாற்றி மறுபடி மவுண்ட் செய்ததும் அம்மாவும் அப்பாவும் தனித்தனியாக வந்துவிட்டார்கள். இதற்கு எனக்குக் கிடைத்த அறிவுரை "ஃபார்மேட் பண்ணிவிடு". ஃபார்மேட்! இருக்கிற பெயரையும் சேர்த்து அழிக்கவா?

அப்புறம் இரண்டாவது கூத்து. அந்தப் பழைய வரி இருந்த நாட்களில் அந்தக் கணினியிலிருந்து நேராக எழுதிய தமிழ்ப் பெயர்கள் அங்கே அழகாகத் தெரிந்தன, லேப்டாப்பில் பார்த்தால் "மா" என்ற எழுத்து à®®à®¾ என்று இளிக்கிறது, நடுநடுவே கட்டம் வேறு. utf8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைத்து எழுதி வைத்திருக்கிறது புண்ணியவான் கெர்னல். இதையும் மீட்கலாம்: வேண்டுமென்றே utf8 இல்லாமல், iocharset=iso8859-1 என்று போட்டு மவுண்ட் செய்து, பெயர் சரியாகத் தெரியும் அந்த நிலையில் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, utf8 போட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும். à®® என்று கண்டால் பதறி ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற உட்காராதீர்கள், நான் நாற்பது கோப்புக்கு உட்கார்ந்தேன்.

வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவே, பெயரைத் தொடவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அந்த ஃபோல்டரில் இதைத் தட்டுங்கள்:

```
ls | xxd -g1 | head
```

e0 ae, e0 af என்று வந்தால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. வரிசையாக 3f 3f 3f வந்தால் அது கேள்விக்குறி. அப்போதும் அந்த ஃபோல்டர் டிஸ்க்கிலேயே இருக்கிறதா, இல்லை என்னைப் போல் அவசரப்பட்டு எடுத்த நகலா என்று பார்த்துவிட்டு அழுங்கள். டிஸ்க்கில் என்றால் மவுண்டை மாற்றிப் பார்க்கிற வரை எதையும் அழிக்காதீர்கள், ஐந்து ????? இருக்கும் இடத்தில் அழிப்பது அம்மாவையா அத்தையையா என்று உங்களுக்கே தெரியாது.