சட்டி உடைஞ்சது ஒரு தடவை, என் மண்டை நாலு தடவை

ஒடைஞ்ச சட்டிக்குக் காசு கேட்டு கூரியர்காரனுக்கு மெயில் போட்டா, "டாக்கெட் எண்ணைத் தெரிவிக்கவும்"னு பதில் வந்திருக்கு. சப்ஜெக்ட்லயே அந்த நம்பர்தான் இருக்கு. முதல் வரியிலயும் இருக்கு. ரசீது போட்டோவிலயும் இருக்கு. இன்னும் எங்கன எழுத, என் நெத்தியிலயா?

காருகுறிச்சி மீன்சட்டி மூணு. அத்தை ஓசூர்ல இருக்க மைனிக்கு அனுப்புனாங்க, ரெண்டு தூள். ஒடனே எனக்கு வாய்ஸ் மெசேஜ், பதினோரு நிமிஷம். "ஏல மருமவனே, கஞ்சித்தண்ணி ஊத்தி நாலு நாள் பழக்குன சட்டில! அதைப் போட்டு பந்தாடிருக்கானுவ, வெளங்குவானுவளா? நல்லா நாலு வார்த்தை எழுதுல!"

நாலு வார்த்தையா? அந்தப் பதினோரு நிமிஷத்துல என்னைக்கு அனுப்புனாங்க, என்னைக்குப் போய்ச் சேந்துச்சுங்கிற ரெண்டு தேதி மட்டும் இல்ல. மிச்சம் எல்லாம் இருக்கு. சட்டி வித்த ஆச்சிக்கு முட்டுவலி வரைக்கும் இருக்கு.

சரின்னு உக்காந்தேன். 'பந்தாடுனான்'னு எழுத முடியுமா? பாத்தது யாரு? போட்டோவில என்ன தெரியுதோ அதைத்தான் எழுதணும். "பெட்டியின் ஒரு மூலை நசுங்கிய நிலையில் பெறப்பட்டது. உள்ளே இருந்த மூன்று மண்சட்டிகளில் இரண்டு உடைந்திருந்தன." 'வெளங்குவானுவளா'ங்கிறதை "ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் தரவும்"னு மாத்துனேன். கிட்டத்தட்ட அதே சாபந்தான், சட்டை போட்டு நிக்கி.

அடுத்து எவ்வளவு கேக்கதுன்னு கணக்கு. சட்டி ஒண்ணு 250, ரெண்டுக்கு 500. கூரியர் கட்டணம் 180. மொத்தம் 680, சட்டி பில்லும் இணைச்சாச்சு. நாலு நாள் கஞ்சித்தண்ணிக்கு எவன் பில்லு தருவான்? அதை அடிச்சுட்டேன். அத்தைக்கு அதுல இன்னும் கோவம்.

அப்பத்தான் ரசீதைப் பெருசு பண்ணிப் பாக்கேன். பொருள்: வீட்டுச் சாமான். மதிப்பு: 100 ரூபாய். "எவ்வளவுன்னு கேட்டான், கூடச் சொன்னா காசு கூடக் கேப்பான்னு சொன்னேம்ல"ங்காங்க அத்தை. நாம எழுதிக் குடுத்த மதிப்புக்கு மேல தரமாட்டோம்னு பின்பக்கம் எறும்பு மாதிரி அச்சடிச்சுருக்கான். போதாததுக்கு, மைனி பெட்டியைத் திருப்பிக்கூடப் பாக்காம வாசல்லயே கூரியர் பையன் போன்ல விரலால கையெழுத்தைக் கிறுக்கிட்டாங்க. "பெட்டி நசுங்கியிருக்கு"ன்னு அங்கனயே ஒரு வரி எழுத வச்சிருந்தா நான் இப்படிக் கெடந்து சாவேனா?

இத்தனையும் தாண்டி, ஒரு வசவு இல்லாம, எட்டே வரியில, நாலாவது தடவையா திருத்தி அனுப்புனேன். அதுக்குத்தான் டாக்கெட் எண்ணைக் கேக்கான்.

கேட்டதும் சிரிப்புதான் வந்துச்சு. நம்பரை மட்டும் தனியா அனுப்பிட்டேன். வேற ஒரு எழுத்து இல்ல, வணக்கங்கூட இல்ல.

இந்தா, அத்தைகிட்ட இருந்து அடுத்த வாய்ஸ் மெசேஜ். ஏழு நிமிஷம். தெருக்குழாயில மூணு நாளா தண்ணி வரலையாம், "நல்லா நாலு வார்த்தை எழுதுல"ங்காங்க.